மணிவாரிக் கூட்டக் கணக்கை வைத்து சப்ளையர் ஷிப்ட் போடுவது எப்படி

மாட்டுத்தாவணி பக்கம் 64 இருக்கை உள்ள ஒரு சைவ ஹோட்டலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு அடைக்கும் கடை. சப்ளையர்களுக்கு இரண்டு ஷிப்ட். காலை 6 முதல் மாலை 3 வரை ஐந்து பேர், மதியம் 2 முதல் இரவு 11 வரை ஐந்து பேர். எல்லோருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு.

இந்தக் கடையில் மதியம் ஒன்றரை மணிக்குப் போனால் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் இரண்டாவது தடவை சாதம் கேட்டுக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார். இரண்டேகாலுக்குப் போனால் ஹாலில் பத்து சப்ளையர்கள் நிற்பார்கள். நாலு மணிக்கு ஐந்து பேர், வாடிக்கையாளர்களோ பத்துப் பதினைந்து பேர்தான். சம்பளக் கணக்கு மாதக் கடைசியில் கனமாக இருக்கிறது என்று முதலாளி வருத்தப்படுவார். ஆளைக் குறைத்தால் ஒரு மணிக் கூட்டம் இன்னும் சிதறும் என்று சூப்பர்வைசர் பயப்படுவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தப்பு ஆள் எண்ணிக்கையில் இல்லை, ஷிப்ட் தொடங்கும் முடியும் நேரத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறையைத்தான் இங்கே சப்ளையர்களை மட்டும் வைத்துப் பார்க்கப்போகிறோம். எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் கடை எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பில் மிஷின் சொல்வதை அப்படியே எடுக்காதீர்கள்

பில் போடும் மென்பொருள் எதுவானாலும் மணிவாரி விற்பனை அறிக்கை ஒன்று இருக்கும். அதில் முதலில் பார்சலையும் வீட்டுக்கு அனுப்பும் ஆர்டர்களையும் கழித்துவிடுங்கள். அவை அடுப்படிக்கும் பார்சல் கவுண்டருக்கும் வேலை தருபவை, ஹால் சப்ளையருக்கு அல்ல. மீதி உள்ள பில்களில்தான் புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் மூன்று இடத்தில் சறுக்குவார்கள்.

முதலாவது, பில் நேரம் என்பது வாடிக்கையாளர் வந்த நேரம் அல்ல. சாப்பிட்டு முடித்த பிறகு பில் வரும் கடையில் 9.10க்கு விழுந்த பில் 8.45க்கு வந்து உட்கார்ந்தவருடையது. இதைக் கவனிக்காமல் ஷிப்ட் போட்டால் கூடுதல் ஆள் 9 மணிக்கு வருவார். தண்ணீர் வைத்து, ஆர்டர் எடுத்து, இட்லிக்குச் சட்னி ஊற்றுகிற வேலையெல்லாம் எட்டரைக்கே குவிந்து முடிந்திருக்கும். ஆகவே உட்கார்ந்ததிலிருந்து பில் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு இருபது மேசைகளைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். நம் கடையில் அது 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், பில் நேரம் A பத்தியில் இருக்கும் தாளில் இதைப் போடலாம்:

```
=HOUR(A2-TIME(0,25,0))
```

முதலிலேயே பணம் கட்டி டோக்கன் வாங்கும் கடைக்கு இந்தக் கழித்தல் வேண்டாம். அங்கே பில் நேரமே வந்த நேரம்.

இரண்டாவது, ஒரு பில் என்பது ஒரு தலை அல்ல. பில் போடும்போது எத்தனை பேர் என்று கேட்கும் கட்டம் மென்பொருளில் இருக்கும். ஆனால் அவசரத்தில் கல்லாவில் இருப்பவர் அதை 1 என்றே விட்டுவிடுவார், அதை நம்ப முடியாது. மூன்று நாட்கள், நாளுக்கு மூன்று வேளையும் உச்ச நேரத்தில் ஒருவரை வாசலில் நிறுத்தித் தலையை எண்ணச் சொல்லுங்கள். அதே நேரத்துப் பில்களோடு வகுத்தால் விகிதம் கிடைக்கும். இது வேளைக்கு வேளை மாறும் என்பதுதான் முக்கியம். மதியம் அலுவலக ஆட்கள் தனியாக வருவதால் பில்லுக்கு 1.8 பேர் இருக்கலாம், இரவு குடும்பத்தோடு வருவதால் 2.9 பேர் ஆகலாம். நாள் முழுவதற்கும் ஒரே விகிதம் போட்டால் மதியத்துக்கு ஆள் அதிகமாகவும் இரவுக்குக் குறைவாகவும் கணக்கு வரும். மதியச் சாப்பாட்டுக்கு இன்னொரு எளிய வழி உண்டு: விற்ற சாப்பாட்டு எண்ணிக்கையே கிட்டத்தட்ட தலை எண்ணிக்கை.

மூன்றாவதுதான் எளிதில் கண்ணில் படாதது. கூட்டம் நெரியும்போது சில கடைகளில் சப்ளையர் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளைக் கல்லாவில் ஆணியில் குத்தி வைத்துவிட்டு, ஓய்ந்த பிறகு மொத்தமாக அடிப்பார்கள். அறிக்கையில் பத்தரை மணி பரபரப்பாகத் தெரியும், உண்மையில் அப்போது ஹால் காலியாக இருக்கும். பில் எண்களை வரிசையாகப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் ஆறு ஏழு பில் விழுந்திருந்தால் அது நடந்திருக்கிறது. அப்படியானால் பழைய அறிக்கையை ஒதுக்கிவிட்டு, இரண்டு வாரம் அவ்வப்போதே பில் அடிக்கச் சொல்லிப் புதிதாகச் சேகரியுங்கள். தவறான தரவின் மேல் போட்ட ஷிப்ட்டால் செலவு கூடுமே தவிரக் குறையாது.

இன்னும் ஒன்று. மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை எல்லா நாளும் எண்கள் ஒரே மட்டமாக இருந்தால், வரத்து அவ்வளவுதான் என்று முடிவுக்கு வராதீர்கள். இருக்கை நிரம்பி, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பில்லில் வரமாட்டார்கள். அந்த நேரத்தில் திரும்பியவர்களையும் எண்ணுங்கள்.

எந்த நாளின் எண்ணை எடுப்பது

திங்களும் ஞாயிறும் ஒன்றல்ல, ஒவ்வொரு கிழமைக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஷிப்ட் போட, கடந்த ஐந்து செவ்வாய்களின் காலை 8–9 மணிக் கணக்கைப் பார்ப்போம். 88, 94, 97, 110, 136 என்று இருக்கிறது. இதில் 136 முகூர்த்த நாள். அதை விலக்கினால் சராசரி 97. சராசரிக்கு ஆள் போட்டால் ஏறத்தாழ இரண்டில் ஒரு செவ்வாய் ஆள் பற்றாது. அதிகபட்சத்துக்குப் போட்டால் முகூர்த்தம் இல்லாத எல்லா வாரமும் ஆள் நிற்கும். இரண்டாவது பெரிய எண்ணை எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்:

```
=LARGE(B2:F2,2)
```

இங்கே விடை 110. முகூர்த்தம், அமாவாசை, புரட்டாசிச் சனி, ஐயப்பன் சீசன், சித்திரைத் திருவிழா நாட்கள் எல்லாம் தனி அட்டவணையில் இருக்கட்டும். இவற்றைப் போன வருடத்தோடு ஒப்பிடும்போது தமிழ் நாட்காட்டியை வைத்து ஒப்பிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி. ஆங்கிலத் தேதியில் அது ஆண்டுதோறும் நகரும். போன வருடம் அதே தேதியைப் பார்த்து ஆள் போட்டால், திருவிழா முடிந்த அமைதியான நாளுக்குக் கூட்டத்து ஆட்களைக் கூப்பிட்டிருப்பீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பஸ்ஸாக வருவார்கள். நாற்பது ஐம்பது பேர் பத்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். இதற்கு மணிவாரிக் கணக்கு உதவாது, சீசன் முழுக்க ஓர் ஆளைக் கைவசம் வைத்துக்கொள்வதுதான் வழி.

ஒரு சப்ளையர் ஒரு மணியில் எத்தனை பேரைப் பார்ப்பார்

இதற்குப் பொதுவான எண் கிடையாது, உங்கள் ஹாலில் நின்று எண்ணித்தான் எடுக்க வேண்டும். சமையலறை ஜன்னல் எவ்வளவு தூரம், தண்ணீர் யார் வைக்கிறார், இலை எடுக்க, மேசை துடைக்கத் தனி ஆள் உண்டா என்பதைப் பொறுத்து மாறும். நம் கடையில் டிபன் நேரத்தில் ஒருவர் மணிக்கு 25 பேரை நன்றாகப் பார்க்கிறார். மதியம் அவரே 20 பேரைத்தான் பார்க்க முடிகிறது. காரணம் எளிது. தோசை சாப்பிடுபவரிடம் மூன்று நான்கு தடவை போனால் போதும். இலைச் சாப்பாட்டுக்குச் சாதம், சாம்பார், மறுசாதம், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வாளியோடு திரும்பத் திரும்ப வரிசையில் நடக்க வேண்டும்.

நன்றாகப் பார்க்கிறார் என்பதற்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: உட்கார்ந்த மூன்று நிமிடத்துக்குள் ஆர்டர் எடுத்திருக்க வேண்டும். கூட்டம் ஏற ஏற இந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், எந்த எண்ணிக்கையில் மூன்று நிமிடம் தாண்டுகிறது என்பது தெரியும். அதற்குச் சற்று முந்தைய எண்தான் உங்கள் எண். ஒரு எச்சரிக்கை: ஆர்டர் உடனே எடுத்தும் தட்டு வர நேரமாகிறது என்றால் குறை தோசைக் கல்லில் இருக்கிறது. அப்போது சப்ளையரைக் கூட்டினால் ஜன்னல் ஓரம் காத்து நிற்பவர்கள்தான் கூடுவார்கள்.

குறைந்தபட்சம் இரண்டு பேர் எப்போதும் ஹாலில் இருக்க வேண்டும் என்று வைத்து, முன்பு LARGE சூத்திரத்தில் எடுத்த எண்ணை G பத்தியில் போட்டால், டிபன் நேரத்துச் சூத்திரம் இது. மதியம் 12 முதல் 3 வரை 25க்குப் பதில் 20:

```
=MAX(2,ROUNDUP(G2/25,0))
```

செவ்வாய்க்கிழமைக்கு இப்படி வருகிறது. கடைசிப் பத்தியில் இருப்பது பிறகு போடப்போகும் புதிய ஷிப்ட்.

| நேரம் | வருபவர் | தேவை | புதிய ஷிப்ட் |
|---|---|---|---|
| காலை 6–7 | 30 | 2 | 2 |
| 7–8 | 70 | 3 | 3 |
| 8–9 | 110 | 5 | 4 |
| 9–10 | 95 | 4 | 4 |
| 10–11 | 45 | 2 | 2 |
| 11–12 | 25 | 2 | 2 |
| மதியம் 12–1 | 70 | 4 | 4 |
| 1–2 | 115 | 6 | 6 |
| 2–3 | 80 | 4 | 6 |
| 3–4 | 25 | 2 | 3 |
| 4–5 | 25 | 2 | 2 |
| 5–6 | 35 | 2 | 2 |
| 6–7 | 50 | 2 | 3 |
| இரவு 7–8 | 85 | 4 | 4 |
| 8–9 | 100 | 4 | 4 |
| 9–10 | 65 | 3 | 4 |
| 10–11 | 25 | 2 | 2 |

தேவைப் பத்தியைக் கூட்டினால் 53 ஆள்-மணி. பழைய ஷிப்ட்டில் பத்துப் பேர், ஆளுக்கு 8 மணி, மொத்தம் 80. இருபத்தேழு மணி அதிகம் இருந்தும் ஒரு மணிக் கூட்டத்துக்கு ஆறாவது ஆள் இல்லை.

ஷிப்ட் நேரத்தை வெட்டுவது

முதலில் கடை திறக்கவும் அடைக்கவும் தேவையான ஆட்களை வையுங்கள், பிறகு உச்ச நேரங்களுக்கு ஆள் போடுங்கள், மிஞ்சும் சின்னச் சின்ன இடைவெளிகளைக் கடைசியில் பாருங்கள். உச்சத்திலிருந்து தொடங்கினால் காலை ஆறு மணிக்கு ஆள் இல்லாமல் போகும்.

காலை 6–3: இருவர். ஒருவருக்கு 10–11 ஓய்வு, இன்னொருவருக்கு 11–12.
காலை 7–4: ஒருவர், 11–12 ஓய்வு.
மதியம் 1–10: இருவர். ஒருவருக்கு 3–4 ஓய்வு, இன்னொருவருக்கு 4–5.
மதியம் 2–11: ஒருவர், 5–6 ஓய்வு.

இந்த ஆறு பேரும் முழுநேரம், ஆளுக்கு 8 மணி வேலை. இவர்களோடு காலை 8 முதல் மதியம் 2 வரை பகுதி நேரத்துக்கு ஒருவர், அவருக்கு 10 மணிக்கு அரை மணி ஓய்வு. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பக்கத்துத் தெருப் பெண்களுக்கு இந்த நேரம் பொருந்தும். இரவு 7 முதல் 11 வரை இன்னொருவர், 18 வயது நிறைந்த கல்லூரி மாணவராக இருக்கலாம். மொத்தம் 57.5 ஆள்-மணி.

அட்டவணையில் காலை 8–9க்கு மட்டும் ஓர் ஆள் குறைவது தெரியும். சூத்திரம் 4.4ஐ மேலே தூக்கி 5 ஆக்கியிருக்கிறது. அந்த ஒரு மணிக்குச் சூப்பர்வைசர் ஒரு வரிசையைத் தானே எடுத்துக்கொண்டால் போதும். அதற்காக ஒரு ஷிப்ட் போடக்கூடாது. ஆனால் ஒன்று முதல் இரண்டு வரை உள்ள 5.75ஐ அப்படி விடக்கூடாது, அங்கே ஆறு பேரும் வேண்டும். இரண்டு முதல் நாலு வரை கொஞ்சம் கூடுதலாக ஆள் இருக்கிறார்கள். ஊழியர் சாப்பாடு அப்போதுதான் நடக்கும், டம்ளர் அடுக்குவது, பொடி நிரப்புவது, வாளி தேய்ப்பது எல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். அதுவும் இல்லாமல் இறுக்கி வெட்டிய ஷிப்ட் ஒருவர் வராத முதல் நாளே உடைந்துவிடும்.

நடுவில் நாலைந்து மணி நேரம் அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிடும் பிரேக் ஷிப்ட்டால் கணக்கு இன்னும் அழகாக வரும். காலை 7–11, இரவு 7–11 என்று போட்டால் இரண்டு உச்சமும் அடைபடும். ஆனால் அந்த ஆளுக்குக் காலை ஏழிலிருந்து இரவு பதினொன்று வரை நாளே போய்விடும். கடை அறையில் தங்கியிருப்பவர் ஒருவேளை ஒத்துக்கொள்வார், திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வருபவருக்கு அது அநியாயம். அவர் இரண்டு மாதத்தில் வேறு கடைக்குப் போவார், புது ஆளைப் பழக்கும் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். கேட்டுச் சம்மதிப்பவருக்கு மட்டும், கூடுதல் படியோடு போடுங்கள்.

வார விடுமுறை

ஆறு இடம், ஏழு நாள். வாரத்துக்கு 42 ஷிப்ட். ஒருவர் ஆறு நாள்தான் வேலை செய்யலாம், ஆகவே முழுநேரம் ஏழு பேர் வேண்டும். ஏழாவது ஆள் மாற்று ஆள், யார் விடுமுறையோ அவருடைய இடத்தில் நிற்பவர். இங்கே அடிக்கடி நடக்கும் கொடுமை ஒன்று உண்டு. திங்கள் இரவு 11 மணிக்கு ஷிப்ட் முடித்தவரைச் செவ்வாய் காலை 6 மணிக்குப் போட்டுவிடுவார்கள். வீடு போய்ச் சேர்ந்து தூங்க ஐந்து மணி நேரம்கூடக் கிடைக்காது. மற்றவர்களின் விடுமுறை நாட்களை வரிசைப்படுத்தினாலே இதைத் தவிர்க்கலாம். மாற்று ஆள் திங்கள், செவ்வாய் காலை ஆறு மணி இடங்களிலும், புதன் ஏழு மணி இடத்திலும், வியாழன், வெள்ளி ஒரு மணி இடங்களிலும், சனி இரண்டு மணி இடத்திலும் நிற்கட்டும். நேரம் தள்ளித் தள்ளிப் போகும், பின்னால் வராது. ஞாயிறு அவருக்கு விடுமுறை, மற்ற ஆறு பேரும் அன்று இருப்பார்கள்.

எட்டாவது ஆள் ஒருவரும் வேண்டும். சனி ஞாயிறு கூட்டம், சொல்லாமல் எடுக்கும் லீவு, முகூர்த்தம், இவற்றுக்கு அவர்தான். வேலை குறைந்த நாளில் பார்சல் கவுண்டரில் நிற்கலாம். இவர் இல்லாமல் கணக்குப் போட்டால், ஒருவர் வராத நாளில் இன்னொருவரை டபுள் ஷிப்ட் பார்க்கச் சொல்வீர்கள். வாரம் 48 மணிக்கு மேல் போகும் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதை அப்போது நினைத்துப் பாருங்கள்.

செலவு எவ்வளவு குறைகிறது

ஒரு மணி நேரச் செலவு என்பது சம்பளம் மட்டும் அல்ல. மூன்று வேளைச் சாப்பாடு, டீ, அறை வாடகை, படி எல்லாம் சேர்த்தது. நம் கடையில் மாதச் சம்பளம் 16,000, மற்றவை 4,800, ஆக 20,800 ரூபாய். 26 நாளால் வகுத்தால் 800, எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 100. பகுதி நேர ஆட்களுக்கு அறை கிடையாது என்பதால் அந்தத் தொகையையும் சம்பளமாகச் சேர்த்து மணிக்கு அதே 100 கொடுப்பதாக வைப்போம். எதைப் போட்டாலும் ஹோட்டல் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. அதிலுள்ள பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் மாறும், அப்போது இந்தக் கணக்கையும் திருப்பிப் போட வேண்டும்.

பழைய ஷிப்ட்டுக்கு நாளுக்கு 8,000 ரூபாய். புதியதற்கு 5,750, எட்டாவது ஆளையும் சேர்த்தால் 6,550. ஒரு நாளில் 1,050 பேர் ஆளுக்கு 90 ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஹால் விற்பனை 94,500. சப்ளையர் செலவு 8.5 சதவீதத்திலிருந்து 6.9 சதவீதமாகிறது. நாளுக்கு 1,450 ரூபாய் மிச்சம்.

பழைய முறையில் விடுமுறையைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். இப்போது முழுநேரம் எட்டுப் பேர் போதும். அதற்காக நாலு பேரை மறுநாளே நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. இந்தத் தொழிலில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் எப்போதும் உண்டு. அப்படிக் காலியாகும் இடத்தை நிரப்பாமல் விட்டாலே சில மாதங்களில் எண்ணிக்கை வந்து சேரும். அதுவரை சிலரைப் பார்சலுக்கும், விருப்பம் உள்ளவரைத் தோசைக் கல்லில் பழகவும் அனுப்பலாம்.

முதல் நாலு வாரம்

திங்களில் தொடங்கும் ஷிப்ட்டை வியாழக்கிழமையே எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். அதன் பிறகு நாளுக்கு மூன்று எண்களை மட்டும் சூப்பர்வைசர் ஒரு நோட்டில் எழுதட்டும்: காலை எட்டரை, மதியம் ஒன்றரை, இரவு எட்டரைக்கு, உட்கார்ந்ததிலிருந்து ஆர்டர் வரை எத்தனை நிமிடம். மூன்றுக்குள் இருந்தால் ஷிப்ட் பொருந்துகிறது. ஒரே கிழமையில், ஒரே வேளையில் இரண்டு வாரம் தொடர்ந்து ஐந்தைத் தொட்டால் அந்த மணிக்கு மட்டும் ஆள் கூட்டுங்கள். ஒரு நாள் ஏறியதற்காக எதையும் மாற்றாதீர்கள், அன்று கிரைண்டர் நின்றிருக்கலாம், மழை பெய்து எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்திருக்கலாம்.

பில் கணக்கில் வருபவர் எண்ணிக்கை குறைந்தும் நோட்டில் ஆர்டர் நேரம் ஏறியிருந்தால் அது ஷிப்ட் கோளாறு அல்ல. பெரும்பாலும் மேசை துடைக்கும் ஆள் அன்று இல்லை. இலை எடுக்காத மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள், சப்ளையரே துடைக்கப் போய்விடுவார், 25 என்ற எண் 18 ஆகிவிடும். சப்ளையர் ஷிப்ட்டைத் தொடுவதற்கு முன் அந்த இடத்துக்கு ஆள் போட்டுவிட்டு, அடுத்த வாரம் மறுபடி எண்ணிப் பாருங்கள்.